கணக்கீட்டுப் பாடநெறிக்கு ஒரு பெயரும் ஒரு படிவமும்

மாத்தளை நகரில் கடை மாடியில் வகுப்பு வைத்துக் கணக்கீடு கற்பிக்கும் சிறு நிறுவனங்களை நடத்துவோரும், தமது கணக்குப்பிள்ளையை அல்லது மகனை அத்தகைய வகுப்புக்குப் பணம் கட்டி அனுப்புவோரும் நமது வாசகர்களில் உள்ளனர். இவ்விரு தரப்பினருக்கும் பயன்படும் என்பதால் இந்த வாரம் ஒரு சிறிய, ஆனால் பலர் பணத்தை வீணாக்கும் விடயத்தை எடுத்துக்கொள்வோம். வேலை செய்யும் பெரியவர்களுக்கான கணக்கீட்டுச் சான்றிதழ் பாடநெறி ஒன்றை இணையத்தில் அறிவிக்கும்போது அதற்கு என்ன தலைப்புக் கொடுப்பது, தேடுபொறி வாசிப்பதற்காக உள்ளே எழுதப்படும் பாடநெறிக் குறியீட்டை எவ்வாறு நிரப்புவது என்பதே அது.

தலைப்பு என்பது கூகுளில் தேடும்போது நீல நிறத்தில் தோன்றும் அந்த ஒரு வரி. கடையின் பெயர்ப்பலகை போன்றது. குறியீடு என்பது மனிதர் கண்ணுக்குத் தெரியாமல், இயந்திரம் மட்டும் வாசிக்கும் ஒரு படிவம். பாடநெறியின் பெயர், நடத்துபவர், கட்டணம், நாள், நேரம் ஆகியவை தனித்தனிப் பெட்டிகளில் எழுதப்பட்டிருக்கும். மிளகு மூட்டையில் கட்டிவிடும் சீட்டைப் போல என்று சொல்லலாம். மூட்டைக்குள் இருப்பதைத்தான் சீட்டுச் சொல்ல வேண்டும். சீட்டினால் மிளகின் தரம் உயராது. இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

முதலில் சான்றிதழ் யாருடையது?

தலைப்பை எழுதுவதற்கு முன் தீர்க்க வேண்டிய கேள்வி இது. "சான்றிதழ்" என்ற சொல் நம் நாட்டில் குறைந்தது மூன்று வேறு பொருள்களைக் குறிக்கிறது. நிறுவனம் தானே அச்சிட்டுக் கொடுக்கும் சான்றிதழ் ஒன்று. 1987இல் ஆரம்பிக்கப்பட்ட ஏ.ஏ.ரி. ஸ்ரீலங்கா போன்ற வெளி அமைப்பு நடத்தும் பரீட்சைக்கு மாணவரை ஆயத்தப்படுத்தும் வகுப்பு மற்றொன்று. இங்கே தகைமையை வழங்குவது அந்த அமைப்பு, வகுப்பு நடத்துபவர் அல்ல. மூன்றாவது, தேசிய தொழில் தகைமை எனப்படும் என்.வி.கியூ. வரிசையில் வரும் சான்றிதழ். அதில் 1 முதல் 4 வரையான மட்டங்கள் சான்றிதழ், 5ம் 6ம் டிப்ளோமா, 7 பட்டம். தொழிற்கல்வி நிறுவனங்களின் பதிவு 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பொறுப்பில் உள்ளது. நிறுவனம் பதிவு செய்யப்பட்டிருப்பது வேறு, அது நடத்தும் குறிப்பிட்ட பாடநெறி என்.வி.கியூ. தகைமைக்கு அங்கீகாரம் பெற்றிருப்பது வேறு. முன்னதைக் காட்டிப் பின்னதைப் பேசுவோர் உண்டு.

வேலை செய்யும் ஒருவர் ஞாயிறு ஓய்வை ஆறு மாதம் விட்டுக்கொடுத்துப் படித்த பின்னர், தம் கையிலுள்ள தாள் வங்கியில் அல்லது கம்பனியில் எடுபடாது என்று அறிவது சிறிய இழப்பல்ல. ஆகவே குறியீட்டில் இதற்கெனவே `educationalCredentialAwarded` என்ற ஒரு பெட்டி இருக்கிறது. முடிவில் என்ன தகைமை கிடைக்கும் என்பதை அங்கே எழுத வேண்டும். நடத்துபவருக்கு வேறொரு பெட்டி, அதன் பெயர் `provider`. ஏ.ஏ.ரி. பரீட்சைக்கு ஆயத்தப்படுத்தும் ஒரு மாத்தளை நிறுவனம் `provider` பெட்டியில் தன் பெயரைத்தான் எழுத வேண்டும். அங்கே ஏ.ஏ.ரி.யின் பெயரை எழுதினால் அந்த அமைப்பே மாத்தளையில் வகுப்பு நடத்துவதாகப் பொருளாகிவிடும்.

தலைப்பில் எந்தச் சொல்?

தமிழ்நாட்டில் இந்தப் பாடத்தைக் "கணக்கியல்" என்பார்கள். இங்கே உயர்தரத்தில் நமது பிள்ளைகள் படிப்பது "கணக்கீடு". இந்தியத் தளங்களிலிருந்து சொற்களை எடுத்து எழுதுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. உக்குவெலையில் அல்லது றத்தோட்டையில் இருந்து தேடுபவர் தம் பாடசாலையில் கேட்ட சொல்லையே அடிப்பார். எனவே கணக்கீடு என்ற சொல்லே தலைப்பின் முதலில் நிற்க வேண்டும்.

அடுத்தது நீளம். தலைப்புக்கு இத்தனை எழுத்து என்று கூகுள் வரம்பு எதனையும் விதிக்கவில்லை; திரையின் அகலத்துக்கேற்ப மிஞ்சியதை வெட்டிவிடுகிறது. ஆங்கிலத் தலைப்புகளுக்காகச் செய்யப்பட்ட எண்ணும் கருவிகள் தமிழுக்குப் பொருந்தமாட்டா. "கணக்கியல்" என்ற சொல்லை நாம் ஆறு எழுத்தாக வாசிக்கிறோம், கணனி அதனை ஒன்பது குறிகளாக எண்ணுகிறது, ஏனெனில் புள்ளியும் கொம்பும் விசிறியும் அதற்குத் தனித்தனி. திரையில் அது பிடிக்கும் இடமோ இரண்டு எண்ணிக்கைக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது அளவு. ஆகவே எண்ணிக்கொண்டிருக்காமல், கையடக்கத் தொலைபேசியில் தேடிப்பார்த்து எந்த இடத்தில் வெட்டுப்படுகிறது என்று பாருங்கள். முதல் நான்கு சொற்களுக்குள் பாடமும் நாளும் வந்துவிட்டால் வால் அறுந்தாலும் பாதகமில்லை.

வழக்கமாகக் காணும் இரண்டு தலைப்புகளையும், அவற்றின் இடத்தில் வைக்கத்தக்க ஒன்றையும் பாருங்கள்.

```
<title>Home</title>
<title>மாத்தளையின் நம்பர் 1 நிறுவனம் Best Accounting Course AAT Class</title>
<title>கணக்கீடு சான்றிதழ் பாடநெறி: ஞாயிறு வகுப்பு, மாத்தளை</title>
```

முதலாவது எதையும் சொல்லவில்லை. இரண்டாவது எல்லாவற்றையும் சொல்ல முயன்று, பாடநெறி என்ன என்பதைச் சொல்லவில்லை. அதில் இன்னொரு குறையும் உண்டு. பக்கம் முழுவதும் தமிழில் இருக்க, தலைப்பில் மட்டும் ஆங்கிலம் கலந்திருக்கிறது. 2022 ஜூன் மாதம் கூகுள் இதைப்பற்றி அறிவித்தது: பக்கத்தின் முதன்மை மொழியும் எழுத்தும் ஒன்றாகவும் தலைப்பின் மொழியும் எழுத்தும் வேறாகவும் இருந்தால், பக்கத்தின் மொழிக்கு இசைவான தலைப்பொன்றைத் தானே அமைக்க முயலும் என்று. அதாவது நீங்கள் எழுதியது காட்டப்படாமல் போகலாம். ஆங்கிலத்தில் தேடுபவர்களும் வேண்டுமென்றால் ஆங்கிலத்தில் தனிப்பக்கம் வையுங்கள், சிங்களத்தில் இன்னொன்று. மூன்றையும் ஒரே வரியில் குழைப்பதால் மூன்றும் கெடும்.

"வேலை செய்யும் பெரியவர்களுக்கு" என்பதை ஏன் தலைப்பில் எழுதவில்லை என்று கேட்கலாம். எழுதலாம், தவறில்லை. ஆனால் கடையில் நிற்கும் மனிதர் தேடுவது தமக்கு வசதியான நேரத்தை. "ஞாயிறு வகுப்பு" என்ற இரு சொற்கள் அந்த நீண்ட தொடரைவிட அதிகம் சொல்கின்றன. இரவு வகுப்பாயின் "இரவு 7 மணி" என்று எழுதுங்கள். ஆண்டைத் தலைப்பில் போடுவதானால் ஒவ்வோராண்டும் மாற்றும் ஆள் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ஆண்டு நிற்கும் தலைப்பு, மூடிய கடையின் பலகையைப் போன்றது.

பாமினியில் வரும் வில்லங்கம்

நம் பகுதிக்கே உரிய ஒரு கோளாறை இங்கே சொல்லியாக வேண்டும். துண்டுப்பிரசுரத்தை அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் அடித்திருப்பார்கள். அதையே பிரதிசெய்து இணையத்தளத்தில் ஒட்டுவார்கள். பக்கத்தின் உள்ளே பாமினி எழுத்துருவை இணைத்திருந்தால் தமிழாகவே தெரியும், பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. ஆனால் தலைப்புக்கு எழுத்துரு அணிவிக்க முடியாது. கூகுளில் "கணக்கீடு" என்று வர வேண்டிய இடத்தில் வருவது இதுதான்:

```
fzf;fPL
```

கணனிக்கு அது தமிழே அல்ல, ஆங்கில எழுத்துகளின் கோவை. தமிழில் தேடுகிற எவருக்கும் அந்தப் பக்கம் கிடைக்காது. குறியீட்டுப் பெட்டிகளிலும் இதே கதைதான். கண்டறிவது எளிது. உங்கள் பக்கத்தைத் திறந்து, உலாவியின் மேற்புறத் தாவலில் எழுதியிருப்பதை வாசியுங்கள். பின்னர் உள்ளே ஒரு வரியைப் பிரதிசெய்து தொலைபேசியின் குறுஞ்செய்திப் பெட்டியில் ஒட்டுங்கள். ஆங்கிலக் குழப்பமாக மாறினால் அது பாமினி. யூனிகோட்டுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பின் கண்ணால் ஒருமுறை வாசித்துத் திருத்தவும் வேண்டும், குறிப்பாக ஒற்றெழுத்துகளை.

படிவத்தை நிரப்புதல்

குறியீட்டின் சொற்களுக்கு ஒரு பொது அகராதி உண்டு. கூகுள், மைக்ரோசொஃப்ட், யாகூ ஆகிய மூன்றும் சேர்ந்து 2011இல் தொடங்கிய schema.org என்பதே அது. அதில் பாடநெறிக்கு `Course` என்று பெயர். கற்பனையாக ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். மாத்தளையில் 24 ஞாயிற்றுக்கிழமைகள், ஒவ்வொரு நாளும் 3 மணித்தியாலம். காசேட்டில் தொடங்கி, பேரேடு, பரீட்சை மீதி, வங்கிக் கணக்கிணக்கக் கூற்று வழியாக ஒரு சிறு கடையின் இறுதிக் கணக்குவரை கற்பிக்கிறது. மாதம் 3,000 ரூபா வீதம் 6 மாதம், பதிவுக் கட்டணம் 1,500 ரூபா. சான்றிதழ் நிறுவனத்தினுடையதே.

```
<script type="application/ld+json">
{
 "@context": "https://schema.org",
 "@type": "Course",
 "name": "கணக்கீடு சான்றிதழ் பாடநெறி",
 "description": "காசேடு முதல் இறுதிக் கணக்கு வரை, 24 ஞாயிறு வகுப்புகள்",
 "inLanguage": "ta",
 "provider": {"@type": "Organization", "name": "நிறுவனத்தின் பெயர்"},
 "educationalCredentialAwarded": "நிறுவனம் வழங்கும் சான்றிதழ்",
 "offers": {"@type": "Offer", "category": "Paid",
  "price": "19500", "priceCurrency": "LKR"},
 "hasCourseInstance": {
  "@type": "CourseInstance",
  "courseMode": "Onsite",
  "location": "மாத்தளை",
  "courseWorkload": "வாரம் 3 மணி வகுப்பு, 2 மணி வீட்டுப் பயிற்சி",
  "courseSchedule": {"@type": "Schedule",
   "byDay": "https://schema.org/Sunday",
   "duration": "PT3H", "repeatFrequency": "P1W", "repeatCount": 24}
 }
}
</script>
```

பார்ப்பதற்குப் பயமாக இருந்தாலும் இது பெட்டியும் விடையும் மட்டுமே. சில பெட்டிகளில் நின்று பார்க்க வேண்டும்.

`name` பெட்டியில் பாடநெறியின் பெயர் மாத்திரம். விலை, தள்ளுபடி, "உடன் பதிவு செய்யுங்கள்" போன்றவை அங்கே வரக்கூடாது. ஊரும் நாளும் தலைப்பில் வரலாம், இங்கே வேண்டாம். தலைப்பும் இதுவும் ஒரே எழுத்தாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் ஒரே பொருளைப் பேச வேண்டும். தலைப்பில் "கணக்கீடு சான்றிதழ்", படிவத்தில் "வணிக முகாமைத்துவ டிப்ளோமா", பக்கத்தின் மேலே பெரிய எழுத்தில் "கணனிக் கணக்கு வகுப்பு" என்று மூன்று பெயர் இருந்தால் மனிதனும் குழம்புவான், இயந்திரமும் குழம்பும்.

`price` பெட்டியில்தான் வியாபாரியின் நேர்மை தெரியும். மாதம் 3,000 என்பதை எழுதுவது கவர்ச்சியாக இருக்கும். ஆனால் மாணவர் செலுத்தப்போவது 6 தரம் 3,000, அதாவது 18,000. கட்டாயப் பதிவுக் கட்டணம் 1,500 சேர்ந்தால் 19,500. எனவே 19500 என்பதே விடை. மாதத் தவணை வசதியைப் பக்கத்தில் வாசகங்களில் விளக்கலாம். இலக்கத்துக்கு நடுவே காற்புள்ளி போடாதீர்கள், "ரூபா" என்றும் எழுதாதீர்கள். நாணயத்துக்கு `priceCurrency` என்ற தனிப்பெட்டி இருக்கிறது, அதில் `LKR` என்று எழுதுங்கள்.

`PT3H` என்பது மூன்று மணித்தியாலம், `P1W` என்பது வாரம் ஒரு முறை. 24 வாரம் 3 மணி வீதம் 72 மணித்தியால வகுப்பு. வீட்டுப் பயிற்சி 48 சேர்ந்தால் 120. இந்தக் கணக்கை விளம்பரத்தில் காண்பதற்கில்லை, ஆனால் வேலை செய்பவர் முதலில் அறிய விரும்புவது இதுதான். வீட்டுப் பயிற்சியை மறைத்து "வாரம் மூன்றே மணி" என்று அழைத்தால் ஐந்தாம் ஞாயிறு வகுப்பில் பாதிக் கதிரை காலியாகும். போயா தினமும் பெருநாளும் ஞாயிறில் வந்தால் 24 வகுப்பு 24 வாரத்தில் முடியாது என்பதையும் பக்கத்தில் ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது.

இந்தப் படிவத்தை வேர்ட் மென்பொருளில் வைத்துத் திருத்தாதீர்கள். அது நேரான மேற்கோள் குறிகளை வளைந்த குறிகளாக மாற்றிவிடும், உடனே முழுப் படிவமும் வாசிக்க முடியாததாகிவிடும். கடைசிப் பெட்டிக்குப் பின் ஒரு காற்புள்ளி மிஞ்சினாலும் அதே கதி. பக்கத்தில் எந்த மாற்றமும் தெரியாது என்பதால் மாதக்கணக்கில் கவனிக்காமல் இருந்துவிடலாம். validator.schema.org என்ற முகவரியில் ஒட்டிப் பார்த்தால் எந்த வரியில் பிழை என்று காட்டும்.

இதற்கு எவ்வளவு பணம் கொடுக்கலாம்?

இப்போது மிளகுச் சீட்டுக்கு வருவோம். "பாடநெறிக் குறியீடு போட்டுத் தருகிறோம், கூகுளில் முதலிடம் வரும், கட்டணமும் நாளும் தேடல் பக்கத்திலேயே தெரியும்" என்று சொல்லிப் பணம் கேட்பவர்களுக்குக் கொடுக்க வேண்டிய பதில் என்ன?

கட்டணம், கற்பிக்கும் முறை, கால அளவு முதலியவற்றைத் தேடல் முடிவிலேயே காட்டும் ஒரு வசதி கூகுளில் இருந்தது உண்மை. 2025 ஜூனில் அதை நிறுத்துவதாகக் கூகுள் அறிவித்தது. ஆகவே அந்த வாக்குறுதி காலாவதியானது. பாடநெறிகளைப் பட்டியலாகக் காட்டும் மற்றொரு வசதி வேறு; அதற்குக் குறைந்தது மூன்று பாடநெறிகள் குறியிடப்பட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஒரே ஒரு கணக்கீட்டு வகுப்பு நடத்துபவர் அதற்குத் தகுதி பெறமாட்டார். காசேடு ஒரு பாடநெறி, பேரேடு ஒரு பாடநெறி, பரீட்சை மீதி ஒரு பாடநெறி என்று ஒன்றை மூன்றாக அறுத்துத் தகுதி தேட நினைப்பவரும் இருக்கிறார். தனித்தனியே சேர்ந்து, தனித்தனியே கட்டணம் கட்டி, தனித்தனியே முடிக்கக்கூடியதாக இருந்தாலன்றி அது பொய்க் கணக்கு. தகுதி இருந்தாலும் காட்டுவதாகக் கூகுள் எவருக்கும் உறுதியளிப்பதில்லை.

பொய்க் குறியீட்டுக்குத் தண்டனையும் உண்டு. பக்கத்தில் பார்ப்பவருக்குத் தெரியாத ஒன்றைக் குறியீட்டில் எழுதுவது கூகுளின் விதிகளுக்கு முரணானது. கண்டுபிடித்தால் சிறப்புக் காட்சிகளில் தோன்றும் தகுதியை அந்தப் பக்கம் இழக்கும், அதுபற்றிய அறிவிப்பு சேர்ச் கொன்சோல் கணக்குக்கு வரும். அந்தக் கணக்கு தள உரிமையாளரான உங்கள் பெயரில் இருக்கிறதா, அல்லது தளத்தைச் செய்து தந்த இளைஞரின் பெயரில் இருக்கிறதா? பெரும்பாலும் பின்னதுதான். இன்றே கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

அப்படியானால் இது வேண்டாத வேலையா? அப்படியும் அல்ல. தலைப்பைத் திருத்துவது நிச்சயம் செய்ய வேண்டியது, அதன் பலனைத் தேடுபவர் கண்ணால் காண்கிறார். குறியீடு, மேலே உள்ளதைப் பார்த்து நிரப்பினால் ஒரு மாலைப் பொழுதின் வேலை. schema.org அகராதி இன்னும் பாவனையில் உள்ளது, கூகுள் அல்லாத தேடுபொறிகளும் அதனை வாசிக்கின்றன. ஆனால் அதற்காகத் தனியே பெருந்தொகை கொடுப்பது, என் கருத்தில், ஒரு மாணவரின் கட்டணத்தைச் சும்மா தூக்கிக் கொடுப்பதற்குச் சமம். அந்தப் பணத்துக்குப் பக்கத்தில் பாடத்திட்டத்தை வாரவாரியாகத் தட்டச்சுச் செய்து போடுங்கள். 24 வாரத்துக்கும் என்ன கற்பிக்கப்படும் என்று தெளிவாக எழுதப்பட்ட பக்கத்தைத்தான் கலேவெலையிலுள்ள கடைக்காரர் தம் கணக்குப்பிள்ளைக்குக் காட்டுவார்.

பணம் கட்டி அனுப்பும் பக்கத்தில் இருக்கும் வாசகர்களும் இந்தப் படிவத்தைப் பயன்படுத்தலாம். நிறுவனத்தின் பக்கத்தைக் கணனியில் திறந்து, வலது சொடுக்கில் மூலத்தைப் பார்க்கும் தெரிவைத் திறந்து, `Course` என்று தேடுங்கள். அங்கே எழுதிய கட்டணமும் பக்கத்தில் தெரியும் கட்டணமும் ஒன்றா என்று பாருங்கள். சான்றிதழ் பெட்டி வெறுமையாக இருந்தால், அல்லது பெட்டியே இல்லாவிட்டால், தொலைபேசியில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: சான்றிதழில் யாருடைய கையொப்பம் இருக்கும், மொத்தக் கட்டணம் எவ்வளவு, ஒரு ஞாயிறு தவறினால் அந்தப் பாடம் மறுபடி எப்போது நடக்கும். பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு பின்னர் பதிவுக் கட்டணத்தைக் கட்டுங்கள்.

வகுப்பு நடத்துவோர், ஒவ்வொரு புதிய அணி ஆரம்பிக்கும் வாரத்திலும் நாள், கட்டணம், இடம் ஆகிய மூன்றையும் மூன்று இடங்களில் ஒப்பிட வேண்டும்: பக்கத்தின் வாசகம், குறியீடு, சுவரில் ஒட்டிய பிரசுரம். கட்டணத்தை உயர்த்தும்போது பிரசுரம் மாறும், பக்கமும் மாறும், கண்ணுக்குத் தெரியாத குறியீட்டில் மட்டும் பழைய தொகை அப்படியே இருக்கும். தேடிவந்தவர் பழைய தொகையைக் காட்டிப் பேரம் பேசினால் அப்போதுதான் தெரியவரும்.